வேலை கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்வது: ஒரு பனியன் கம்பெனி அனுபவம்

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறோம். கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் கணவர் பார்க்கிறார். ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மெயில், பேங்க், கணக்கு, ஆள் எடுப்பது என் பொறுப்பு. போன வருஷம் ஆடி மாசம் எங்கள் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் தேடுவதுதான் பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்தேன். தேடுவதைவிட, தேர்வாகாதவர்களிடம் அதைச் சொல்வதுதான் என்னை அதிகம் படுத்தி எடுத்தது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்று ஹெச்ஆர் ஆட்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற யூனிட்டில் முதலாளியே போனை எடுத்துப் பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மெர்ச்சண்டைசர் என்பவர் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்பவர். ஆர்டருக்கு விலை போடுவது, சாயம் சரியாக வந்திருக்கிறதா என்று லேப் டிப் அனுப்பி ஒப்புதல் வாங்குவது, ஃபிட் சாம்பிள், உற்பத்தி தொடங்கும் முன் அனுப்பும் பிபி சாம்பிள் என்று ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி, தேதி தவறாமல் சரக்கைத் தூத்துக்குடியில் கப்பலேற்றுவது வரை அவர் தலையில்தான். அவர் இல்லாத ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு ஒப்புதல் தள்ளிப்போகும். அந்த அவசரத்தில்தான் ஆள் எடுக்கிறோம். தேர்வானவரை எப்படியாவது பிடித்துப்போட வேண்டும் என்ற எண்ணத்தில் மற்றவர்கள் மறந்தே போகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் போட்ட ஒரு விளம்பரத்துக்கே பயோடேட்டாக்கள் வந்து குவிந்தன. பாதிக்கு மேல் இந்த வேலைக்குப் பொருந்தாதவை. கணவர், "எதுக்குப் பதில் போட்டுக்கிட்டு? சொல்லி அனுப்பறோம்னு விட்டுடு, அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்றார். ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் இந்த ஊரில் வேலை தேடுகிற மெர்ச்சண்டைசர் இன்னொரு கம்பெனியில் வேலையில் இருந்துகொண்டே ரகசியமாகத்தான் தேடுகிறார். நாம் கூப்பிடுவோம் என்று நினைத்து அங்கே ராஜினாமா கொடுப்பதா வேண்டாமா என்று தவிப்பார். நேரில் வராமல் பயோடேட்டா மட்டும் அனுப்பியவர்களுக்கு இரண்டு வரி போதும் என்று முடிவு செய்து இப்படி எழுதினேன்: "வணக்கம். மெர்ச்சண்டைசர் வேலைக்கு நீங்கள் அனுப்பிய பயோடேட்டாவைப் பார்த்தோம். இந்த வேலைக்கு நெருக்கமாகப் பொருந்தும் சிலரை மட்டும் இந்த முறை நேர்காணலுக்கு அழைக்கிறோம். அதனால் உங்களை அழைக்க இயலவில்லை. விண்ணப்பித்ததற்கு நன்றி." இதில் மறுபடி கூப்பிடுவோம் என்ற பேச்சே இல்லை. அவர்களை மறுபடி கூப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை, அதனால் எழுதவில்லை.

இதை அனுப்பும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பினால், நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். வேலை கேட்டவர்கள் பலர் நம் நம்பரைச் சேமித்திருக்க மாட்டார்கள். நாம் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், அவருக்கு ஒன்றும் வந்திருக்காது. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒட்டி அனுப்புவதுதான் ஒரே வழி. ஒரு மாலைப்பொழுது போகும், அவ்வளவுதான். இரண்டாவது, வேலை மிச்சம் என்று எல்லோரையும் ஒரு குழுவில் சேர்த்து அனுப்பவே கூடாது. யார் யார் வேலை தேடுகிறார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். இன்றைக்கு இங்கே தெரிந்தது நாளைக்கு அவர் முதலாளி காதுக்குப் போய்விடும். அதே காரணத்துக்காக, போனில் பேசுவதானாலும் வேலை நேரத்தில் கூப்பிடுவதில்லை. ஏழு மணிக்கு மேல் பேசலாமா என்று முதலில் மெசேஜ் போட்டுக் கேட்டுக்கொள்வேன்.

நேர்காணலுக்கு வந்தவர்களில் கடைசியாக மூன்று பேர் நின்றார்கள். மூவருக்கும் ஒரே டெஸ்ட் கொடுத்தேன். ஆண்கள் அணியும் ஒரு ரவுண்டு நெக் டீஷர்ட், 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி துணி, 10,000 பீஸ். இதற்கு காஸ்ட்டிங் போட்டு, ஆர்டர் கையில் வந்த நாளிலிருந்து ஷிப்மென்ட் வரை தேதி அட்டவணையும் போட வேண்டும். அரை நாள் வேலை. இதற்கு ஆளுக்கு 500 ரூபாயும் பஸ் செலவும் கொடுத்துவிட்டேன். கணவருக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் உட்கார்ந்து உழைத்த தாளை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு வேண்டாம் என்று சொன்னால், சும்மா வேலை வாங்கிவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேசுவார்கள். அந்த டெஸ்ட்டில் நடப்பு ஆர்டரைக் கொடுக்காமல் பழைய, முடிந்துபோன ஆர்டரைக் கொடுத்ததும் அதற்காகத்தான். சில இடங்களில் ஒரிஜினல் சான்றிதழ்களை நேர்காணல் அன்றே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முடிவு சொல்லும்வரை அவர் வேறு எங்கேயும் போக முடியாமல் கட்டிப்போடுகிற வேலை அது. நகலைப் பார்த்தால் போதும், ஒரிஜினலை அப்போதே கையில் கொடுத்துவிட வேண்டும்.

மூவரில் முதலாமவர் ஒரு பெரிய ஏற்றுமதி கம்பெனியில் இருந்தவர். ஒரே சமயத்தில் மூன்று ஐரோப்பிய பையர்களைக் கவனித்தவர். அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம். அவருக்கு ஒரு மாத நோட்டீஸ், அதை முடித்துவிட்டு ஒன்றாம் தேதி சேர்கிறேன் என்றார். இரண்டாவது ஒரு பெண். இங்கேயே நிட்வேர் படித்துவிட்டு உள்நாட்டு பிராண்டு ஒன்றுக்கு வேலை பார்த்தவர். காஸ்ட்டிங் மூவரிலும் அவருடையதுதான் சுத்தமாக இருந்தது. ஏற்றுமதி ஆர்டரை மட்டும் தனியாகப் பார்த்ததில்லை. மூன்றாவது, எங்களுக்குப் பிரிண்டிங் போட்டுத் தரும் ஒரு மாமா அனுப்பிய பையன். தூரத்துச் சொந்தமும்கூட.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். முதலாமவர் சேர ஒரு மாதம் இருக்கிறது. நோட்டீஸ் காலத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். பழைய கம்பெனி சம்பளத்தை ஏற்றிக் கொடுத்துப் பிடித்துக்கொள்வது இங்கே சாதாரணம். அதனால் இரண்டாவது ஆளை ஒன்றும் சொல்லாமல் நிறுத்தி வைக்கத் தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி அப்படித்தான் செய்வார். "முடிவு எடுக்கல, ஒரு வாரம் பொறுங்க" என்று வாராவாரம் சொல்வார். அந்த ஆள் மூன்றாவது வாரம் வேறு இடத்தில் சேர்ந்துவிடுவார், அதோடு இவர் பெயரையும் கெடுத்துவிட்டுப் போவார். நான் உள்ளதை அப்படியே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். போனில் சொன்னது கிட்டத்தட்ட இதுதான்:

"உங்க காஸ்ட்டிங் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதுங்க. ஆனா இந்த இடத்துக்கு இன்னொருத்தரை எடுத்திருக்கோம். ஏற்றுமதி ஆர்டரை முதல் நாள்ல இருந்தே தனியாப் பார்க்கிற ஆள் வேணும், அந்த அனுபவம் அவர்கிட்ட இருக்கு. அவர் ஒண்ணாம் தேதி சேரணும். சேரலைன்னா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன். அதுக்காக நீங்க காத்திருக்க வேண்டாம், வேற நல்ல இடம் வந்தா யோசிக்காமச் சேர்ந்துக்குங்க. அவர் சேர்ந்தாலும் சேராட்டியும் ரெண்டாம் தேதி நானே சொல்லிடறேன்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த இடைவெளியை நிரப்ப நாக்கு துடிக்கும். "கவலைப்படாதீங்க, கண்டிப்பா ஏதாவது பண்றோம்" என்று ஒரு வாக்கு தானாக வாயிலிருந்து வந்து விழும். அப்படி வருகிற வாக்குதான் பிறகு வினையாகிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அப்புறம் அவரே, "சரிங்க மேடம். நான் எதுல குறைஞ்சேன்னு சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார். குறை என்று ஒன்றும் இல்லை, இந்த வேலைக்குத் தேவைப்பட்டது ஒன்று உங்களிடம் இன்னும் வரவில்லை என்றேன். வெறும் சமாதானமாக அதைச் சொல்லவில்லை. அவர் போட்ட தேதி அட்டவணையில் லேப் டிப்புக்கும் பிபி சாம்பிளுக்கும் பையர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நாட்களை அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். உள்நாட்டு பிராண்டுக்கு அந்த நாட்கள் பெரிதாகத் தேவைப்படாது, ஆள் பக்கத்திலேயே இருப்பார். வெளிநாட்டுக்கு சாம்பிள் கூரியரில் போய்ச் சேரவே பல நாள் ஆகும், அவர்கள் பார்த்துவிட்டுத் திருத்தம் சொன்னால் மறுபடியும் அதே சுற்று. இதைச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது, இன்னும் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டார். காரணம் சொல்வதானால் தாளில் இருப்பதைக் காட்டிச் சொல்வது நல்லது என்பது அன்றைக்குத் தெரிந்தது. "கொஞ்சம் தன்னம்பிக்கை குறைவா இருக்கு", "பழகறதுக்குக் கொஞ்சம் கஷ்டம் போல" என்பது மாதிரிப் பேசினால் அது அவர் ஆளைப் பற்றியதாகிவிடும். அவரால் அதை ஒன்றும் செய்ய முடியாது, மனதில் மட்டும் தங்கிவிடும்.

இங்கே இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி பத்து மணி ஆகும், பெண்ணுக்குச் சரிப்படாது என்று ஒரு பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. வேண்டாம் என்று சொல்ல அது நல்ல காரணம் போலவும், அக்கறை போலவும் தோன்றும். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன். ராத்திரி வேலை இருக்கும், வண்டி ஏற்பாடு செய்கிறோம், சம்மதமா என்று மூவரிடமும் நேர்காணலிலேயே கேட்டாகிவிட்டது, அந்தப் பெண் சம்மதம் என்று சொல்லியிருந்தார். ஆணா பெண்ணா என்று பார்த்து வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இல்லாத காரணத்தைச் சொல்லி ஒருவரை அனுப்பினால் பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட எந்த முகத்தோடு போவது?

மாமா அனுப்பிய பையன் விஷயம்தான் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. அவன் டெஸ்ட்டில் ஒரு அடிப்படைத் தப்பு இருந்தது. ஒரு பீஸுக்கு 180 கிராம் துணி என்று சரியாகத்தான் எடுத்திருந்தான். 10,000 பீஸுக்கு 1,800 கிலோ துணி. நூலையும் அதே 1,800 கிலோ என்று போட்டுவிட்டான். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் எல்லாம் முடிந்து வரும்போது எடை குறையும். பத்து சதவீதம் நஷ்டம் என்று வைத்தால் 1,800 கிலோ துணி கையில் வர 2,000 கிலோ நூல் வாங்க வேண்டும். விட்டுப்போன 200 கிலோவுக்கு, நூல் கிலோ 260 ரூபாய் என்றால் 52,000 ரூபாய். எங்கள் அளவு யூனிட்டுக்கு அந்த ஆர்டரில் கிடைக்கும் லாபத்தில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். நல்ல பையன், சுறுசுறுப்பு, ஆனால் இப்போதைக்கு அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது.

சிபாரிசில் வந்தவரிடம் மறுப்பைச் சொல்வதில் வரிசை முக்கியம். சிபாரிசு செய்தவரிடம் முதலில் சொன்னால், அவர் அந்தப் பையனைக் கூப்பிட்டு, தன் பாணியில், தன் கோபத்தையும் சேர்த்துச் சொல்வார். பையனிடம் மட்டும் சொல்லிவிட்டு மாமாவிடம் சொல்லாமல் விட்டால், என்னைக் கேட்காமல் எப்படி என்று வரும். அதனால் பையனை நேரில் வரச்சொல்லி முதலில் அவனிடம் சொன்னேன், அவன் படி இறங்கியதும் மாமாவுக்குப் போன் போட்டேன்.

பையன் எதிரில் உட்கார்ந்து கேட்டதும் முகம் வாடிப்போனான். "ஒரு மாசத்துல கத்துக்கறேன்க்கா. சம்பளம் எவ்வளவு வேணாலும் குறைச்சுக் குடுங்க" என்றான். இது எல்லோரும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. வேண்டாம் என்று சொன்னவுடன் பேரம் ஆரம்பிக்கும், சம்பளத்தைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்லும்போது நமக்கும் ஒரு நிமிஷம் ஆசை வரும். அந்த நேரத்தில் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. "இந்த முடிவு முடிஞ்சுதுப்பா, சம்பளத்துக்காக இல்லை. நூல் கணக்கு தப்பாப் போனா ஆர்டரே நஷ்டமாயிடும், பக்கத்துல உக்காந்து சொல்லித்தர எங்க கிட்ட சீனியர் யாரும் கிடையாது" என்றேன். உண்மையும் அதுதான். பெரிய யூனிட்டில் ஜூனியராகச் சேர்ந்தால் சொல்லித்தர ஆள் இருக்கும். அவன் தாளிலேயே சிவப்பு மையில் சரியான கணக்கைப் போட்டு அவன் கையிலேயே கொடுத்தேன். "ஒரு நிட்டிங் யூனிட்லயும் ஒரு டையிங் யூனிட்லயும் நேர்ல போய் எடை போடறதைப் பாரு. அப்புறம் இதே மாதிரி வேற ஒரு டெஸ்ட் தர்றேன், சரியாப் போட்டா அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது உன்னைக் கூப்பிடறேன். எப்ப எடுப்போம்னு இப்ப எனக்கே தெரியாது" என்றேன். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முன்னால் சொன்னது எல்லாமே வாக்குறுதி ஆகிவிடும்.

மாமாவிடம் பேசியது இதைவிடச் சிரமம். "என்ன அம்மிணி, நம்ம பையனுக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா? நான் இத்தனை வருஷமா உங்களுக்கு பிரிண்டிங் போட்டுத் தர்றேன்" என்றார். நான் அவனுடைய டெஸ்ட்டைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்ன தப்பு பண்ணினான் என்று குடைந்து கேட்டார். "அதை அவன்கிட்ட விவரமாச் சொல்லியிருக்கேனுங்க மாமா, அவனே சொல்லுவான். நீங்க அனுப்பினதாலதான் கடைசி வரைக்கும் பார்த்தோம். இந்த வேலைக்கு அனுபவம் பத்தல, அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் முன்னால் அந்தப் பையன் கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை. மாமாவுக்கு வருத்தம்தான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் பிரிண்டிங் பேனல்கள் மட்டும் எல்லோருக்கும் அப்புறம்தான் வந்தன. அதற்கும் சேர்த்துத் தேதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. இந்த விலை வரும் என்று தெரிந்துதான் சிபாரிசு ஆளை மறுக்க வேண்டும். எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் இது வராமல் போகாது. ஏதோ ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பேசிக்கொண்டதில் தானாகச் சரியாயிற்று.

ஒன்றாம் தேதி வந்தது. தேர்வானவர் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். மத்தியானத்துக்கு மேல் ஒரு மெசேஜ், பழைய கம்பெனியிலேயே சம்பளம் கூட்டிக் கொடுத்துவிட்டார்களாம், மன்னிக்க வேண்டுமாம். கோபம் வந்தது என்று சொல்வதைவிட அசதியாக இருந்தது என்று சொல்லலாம். அறிகுறி முன்னாலேயே இருந்தது. ராஜினாமாவை அவர் கம்பெனி ஏற்றுக்கொண்ட மெயிலின் நகலைக் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மெயில் கைக்கு வரும்வரை அவர் வருவார் என்று நம்ப ஆதாரமே கிடையாது. இரண்டாம் இடத்தில் இருப்பவரிடம் முற்றாகக் கதவைச் சாத்தாமல், உள்ளதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அவர் வராததில் நஷ்டம் என்னவென்று கேட்டால், ஓடிக்கொண்டிருந்த ஆர்டரில் பிபி சாம்பிள் ஒப்புதல் தள்ளிப்போய், கடைசி 4,000 பீஸைக் கப்பலில் அனுப்ப நேரமில்லாமல் போயிற்று. அட்டைப்பெட்டியோடு சேர்த்து 900 கிலோ, விமானத்தில் கிலோவுக்கு 240 ரூபாய் என்று 2,16,000 ரூபாய். தாமதம் நம்முடையது என்றால் அந்தச் செலவை பையர் ஏற்க மாட்டார், நம் தலையில்தான் விழும்.

இரண்டாம் தேதி காலையில், சொன்னபடியே, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "மேடம், நான் போன வாரம்தான் ஒரு இடத்துல சேர்ந்தேன். நீங்க காத்திருக்க வேண்டாம்னு சொன்னதாலதான் தைரியமா சேர்ந்துட்டேன்" என்றார். ஏமாற்றமாக இருந்தாலும் அந்தப் பேச்சில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. சேர்ந்த ஒரே வாரத்தில் அவரை இழுக்க நான் முயலவில்லை. எனக்கு ஒருவர் செய்ததையே இன்னொரு முதலாளிக்கு நான் செய்வது நியாயமாகப் படவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்குச் சாயந்திரமே தன்னோடு படித்த ஒருவரின் நம்பரை அனுப்பினார். ஏற்றுமதியில் இருந்தவர், கம்பெனி மூடியதால் வேலை இல்லாமல் இருந்தார், நோட்டீஸ் பிரச்சினையும் இல்லை. அவர்தான் இப்போது எங்கள் மெர்ச்சண்டைசர். அவசரத்துக்கு ஒரு கன்சல்டன்சியையும் விசாரித்திருந்தேன். வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் கேட்டார்கள். 35,000 ரூபாய் சம்பளத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து 41,300 ரூபாய் ஆகியிருக்கும்.

இந்த ஊரில் மெர்ச்சண்டைசர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இன்றைக்கு நம்மிடம் வேலை கேட்டு வந்தவர் நாளைக்கு ஒரு பையிங் ஆபீஸில் உட்கார்ந்து நம் சாம்பிளைப் பார்த்து சரி, தப்பு சொல்கிற இடத்துக்குப் போகலாம். அந்தப் பயத்தில்தான் எல்லோரிடமும் "கதவு திறந்தே இருக்கு, எப்ப வேணா வாங்க" என்று சொல்கிறார்கள் போல. எல்லோருக்கும் அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். சொன்னதை ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்: பெயர், எந்த வேலைக்கு வந்தார், என்ன காரணம் சொன்னேன், எதைக் கற்றுக்கொண்டு வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னேன், எந்தத் தேதி. எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து அவர் வந்து நிற்கும்போது நமக்கு நினைவிருக்காது, அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கும்.

அந்தப் பையன் தை மாசம் வந்தான். ஒரு நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறானாம். புது டெஸ்ட் கொடுத்தேன், நூல் கணக்கு சரியாக இருந்தது, லேபிள் மாதிரியான டிரிம்ஸ் விலையில்தான் கொஞ்சம் தடுமாறினான். எங்களிடம் இப்போது இடம் இல்லை, அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். தெரிந்த ஒரு யூனிட்டில் உதவி மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள், அவர்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் அங்கே போய்ப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.